மங்கிய வெளிச்சமும் நடுங்கும் கையும்: ஸ்கேன் சோதனையில் சேர்த்தே பார்க்க வேண்டியவை

கியூஆர் குறியீடும் பார்கோடும் படிக்கும் ஸ்கேன் செயலிகளுக்கான சோதனைப் பட்டியலில் பெரும்பாலும் நான்கு வரிகள் இருக்கும்: வெளிச்சக் குறைவு, பளபளப்பு, கை நடுக்கம், சிதைந்த குறியீடு. ஒவ்வொன்றையும் தனியாகச் சோதித்து, நான்கிலும் தேறியதாகக் குறித்துவிடுகிறார்கள். அதே செயலி இருண்ட கிடங்கில் தடுமாறுகிறது. காரணம், இந்த நான்கும் ஒன்றை ஒன்று பாதிப்பவை. நல்ல வெளிச்சத்தில் செய்த நடுக்கச் சோதனையால் மங்கிய வெளிச்சத்தைப் பற்றி எதையும் சொல்ல முடியாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 29 மி.மீ. அகலத்தில் அச்சிட்ட கியூஆர் குறியீடு ஒன்று. அது பதிப்பு 3, அதாவது பக்கத்துக்கு 29 கட்டங்கள். ஒரு கட்டம் 1 மி.மீ. கை நொடிக்கு 20 மி.மீ. வேகத்தில் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேமரா ஒரு ஃபிரேமுக்கு 1/120 நொடி ஒளி வாங்கினால், அந்த நேரத்தில் படம் 0.17 மி.மீ. மட்டுமே இழுபடும், தொல்லை இல்லை. வெளிச்சம் குறையக் குறைய கேமரா தானாகவே அந்த நேரத்தை நீட்டும். 1/30 நொடியில் இழுவை 0.67 மி.மீ., 1/15 நொடியில் 1.33 மி.மீ. கடைசி நிலையில் ஒரு கட்டம் பக்கத்துக் கட்டத்தின் மேல் முழுதாக ஏறிவிடுகிறது. கறுப்பும் வெள்ளையும் கலந்து சாம்பலாகின்றன. அரைக் கட்டத்துக்குள் இழுவை அடங்க வேண்டும் என்பதை வேலைக்கான வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். குறியீட்டைப் பாதி அளவில் அச்சிட்டால் இந்த வரம்பும் பாதியாகிவிடும். அதனால் சோதனை அட்டையின் அச்சளவைப் பதிவு செய்யாமல் "நடுக்கத்தைத் தாங்குகிறது" என்று எழுதுவதற்குப் பொருளே இல்லை.

எனவே நடுக்கச் சோதனையைக் குறைந்தது மூன்று வெளிச்சங்களில் செய்யுங்கள்: 500, 50, 10 லக்ஸ். லக்ஸ் மீட்டரைக் குறியீட்டின் மேலேயே, அதே திசை பார்த்து வைத்து அளக்க வேண்டும். போன் இருக்கும் இடத்தில் அளந்தால் அந்த எண் அட்டையில் விழும் வெளிச்சத்தைக் காட்டாது. ஆளைக் கையில் பிடிக்கச் சொல்லி மட்டும் சோதிக்காதீர்கள். ஒருவர் கை இன்னொருவர் கை போல இருக்காது, ஒரே கையும் மாலையில் வேறாகிவிடும். போனை ஸ்டாண்டில் பொருத்தி, அட்டையை ஒரு அளவுகோலை ஒட்டி நகர்த்துங்கள். 100 மி.மீ. தூரத்தை 5 நொடியில் கடந்தால் நொடிக்கு 20 மி.மீ. கிடைக்கும். மோட்டார் வைத்த நழுவுதண்டு இருந்தால் இன்னும் நல்லது. திரையில் குறியீட்டைக் காட்டி நகர்த்துவது இதற்கு உதவாது. திரை தானே ஒளிர்வதால் இருட்டுச் சோதனையே இல்லாமல் போகும்.

இங்கே தோல்வி கண்டால் முதலில் பார்க்க வேண்டியது ஃபிரேம் வேகம். பல போன்கள் இருட்டில் நொடிக்கு 30 ஃபிரேமிலிருந்து 15-க்கு இறங்கி, ஒளிவாங்கும் நேரத்தை நீட்டிக்கொள்கின்றன. ஆண்ட்ராய்டில் `CONTROL_AE_TARGET_FPS_RANGE` அமைப்பை, அந்தப் போன் ஆதரித்தால், 30–30 என்று பூட்டலாம். ஐபோனில் அந்த நேரத்துக்கு உச்சவரம்பு வைக்க `activeMaxExposureDuration` உண்டு. படம் கொஞ்சம் இருட்டாகவும் புள்ளி புள்ளியாகவும் வரும். ஆனாலும் கூர்மையான இருட்டுப் படத்தைப் படிப்பது, வெளிச்சமாக இழுபட்ட படத்தைப் படிப்பதைவிட எளிது.

அடுத்து எல்லோரும் கை வைப்பது டார்ச். வெளிச்சம் கூடும், ஒளிவாங்கும் நேரம் குறையும், நடுக்கம் பொருட்டாகாது. ஆனால் அட்டை லேமினேட் செய்ததாக இருந்தால் டார்ச்சின் பிம்பமே குறியீட்டின் நடுவில் வெள்ளைத் திட்டாக உட்காரும். போன் அட்டைக்கு நேர் செங்குத்தாக இருக்கும்போது இது மிக மோசம். 15 செ.மீ. தூரத்தில் அட்டையை 5 பாகை சாய்த்தால் திட்டு சுமார் 1.3 செ.மீ. நகரும், 29 மி.மீ. குறியீட்டுக்குள்ளேயேதான் இருக்கும். 15 பாகை சாய்த்தால் கிட்டத்தட்ட 4 செ.மீ. நகர்ந்து வெளியே போய்விடும். ஆகவே 0, 5, 15 பாகைகளில் சோதியுங்கள். தூரம் குறைந்தால் திட்டு நகர்வதும் குறையும், 8 செ.மீ. தூரத்தில் 15 பாகைக்கு 2 செ.மீ. அளவுதான். பயனர் கிட்டே கொண்டுபோகக் கொண்டுபோக நிலைமை மோசமாவது இதனால்தான். டார்ச்சைத் தானாகப் போடும் செயலி, கூடவே "சற்றுச் சாய்த்துப் பிடிக்கவும்" என்று சொல்வது நியாயம்.

திட்டு எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். மூலையிலுள்ள மூன்று பெரிய சதுரங்களுக்குப் பிழைதிருத்தம் கிடையாது. அவற்றில் ஒன்று வெளிறினாலே குறியீடு இருப்பதை செயலி கண்டுகொள்ளாமல் போகலாம். தரவுப் பகுதி சிதைந்தால் கதை வேறு. பதிப்பு 3-ல், M என்ற பிழைதிருத்த நிலையில், தரவும் மீட்புத் தகவலும் சேர்ந்து 70 குறிச்சொற்கள் உண்டு. ஒவ்வொன்றும் 8 கட்டம். அவற்றில் 13 வரை தவறினாலும் மீட்டுவிடலாம். M என்றால் 15 சதவீதம் என்று எல்லோரும் சொல்வது குறிச்சொற்களின் கணக்கு, பரப்பின் கணக்கு அல்ல. ஒரு குறிச்சொல்லில் ஒரு கட்டம் தவறினாலும் எட்டும் தவறினாலும் அது ஒரே பிழைதான்.

இதை நேரில் பார்க்க, குறியீட்டை உருவாக்கி 6×8 கட்ட அளவில் ஒரு கறுப்புத் திட்டு போடுங்கள்:

```
qrencode -v 3 -l M -s 12 -m 4 -o a.png "TEST-CARD-03-ABCDEFGH"
convert a.png -fill black -draw "rectangle 228,192 299,287" b.png
```

இந்தத் திட்டு 48 கட்டங்களை மறைக்கிறது. ஆனால் தொடுவது அதிகம் போனால் 9 குறிச்சொற்களை. படிக்க முடிய வேண்டும். அதே 48 கட்டங்களைத் தரவுப் பகுதி முழுக்கத் தனித்தனிப் புள்ளிகளாகத் தூவினால், ஏறத்தாழ பாதி ஏற்கெனவே கறுப்பாக இருந்த கட்டங்களில் விழுந்து பாதிப்பின்றிப் போகும். மீதி 24 பிழைகள் சுமார் இருபது குறிச்சொற்களில் பரவும். பெரும்பாலும் படிக்காது. கையால் ஒரு மூலையைக் கிழித்துச் சோதிப்பவர்கள் தவறவிடுவது இந்தப் புள்ளிச் சிதைவைத்தான். உரசலும் தூசியும் தேய்ந்த பிரிண்டர் தலையும் தருவது அதையே. சிதைந்த அட்டையை 50 லக்ஸிலும் சோதியுங்கள். இழுவையால் தவறும் கட்டங்களும் பளபளப்பில் வெளிறும் கட்டங்களும் அதே 13-லிருந்துதான் கழிகின்றன.

முடிவைப் பதிவு செய்யும்போது "படித்தது / படிக்கவில்லை" என்பது போதாது. நடுங்கும் கை திசை மாறும் கணத்தில் சற்று நிற்கும். அப்போது ஒரு ஃபிரேம் கூர்மையாகக் கிடைத்துவிடலாம். எனவே பாதிப்பு முதலில் நேரத்தில்தான் தெரியும்: அரை நொடியில் படித்தது மூன்று நொடி எடுக்கும். ஒவ்வொரு நிலைக்கும் 30 முறை, 5 நொடி வரம்போடு சோதித்து, பத்தில் ஒன்பது முயற்சிகள் எத்தனை நொடிக்குள் முடிந்தன என்று எழுதுங்கள். படித்தவற்றின் சராசரியை மட்டும் எடுத்தால் தோற்றவை கணக்கிலேயே வராது. 30 முறையும் தேறினாலும்கூட, உண்மையான தோல்வி விகிதம் 10 சதவீதம் வரை இருக்க வாய்ப்புண்டு. அதைவிடக் கறாராகச் சொல்ல வேண்டுமென்றால் முயற்சிகளைக் கூட்டத்தான் வேண்டும்.

கோட்டு பார்கோடுகளில் நடுக்கம் எந்தத் திசையில் என்பதைத் தனியாகக் கவனியுங்கள். கோடுகளின் நீளவாக்கில் நகர்ந்தால் பாதிப்பு மிகக் குறைவு, குறுக்கே நகர்ந்தால் முழுப் பாதிப்பு. கீறல் இதற்கு நேர்மாறு: கோடுகளுக்குக் குறுக்கே போன கீறலைத் தாண்டி மேலோ கீழோ படித்துவிடலாம், நீளவாக்கில் முழு உயரத்துக்கும் போன கீறல் கோட்டையே மாற்றிவிடும். இவற்றில் கியூஆர் போன்ற மீட்பு இல்லாததால், தவறான எண்ணைப் படிப்பதையும் தனி நெடுவரிசையில் எண்ணுங்கள். குறிப்பாக இலக்கங்களை மட்டும் கொண்ட ஐடிஎஃப் பார்கோடு வகையில் பாதிக் கோடுகளை மட்டும் படித்தாலும் குட்டையான, ஆனால் முறையாகத் தோன்றும் எண் கிடைத்துவிடும். செயலியில் எதிர்பார்க்கும் இலக்க எண்ணிக்கையை நிலையாக அமைத்த பிறகே அந்த வகையைச் சோதனைக்கு எடுங்கள்.