நிராகரிப்புக்கு அப்பீல்: அந்த ஃபைலில் என்ன தப்பு இருந்தது?

அட்மிஷன் முடிவுகள் வெளியாகும் வாரத்தில் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். "சார், கிடைக்கலை. அப்பீல் போடலாமா?" போடலாம், போடுவதில் தடை ஒன்றும் இல்லை. ஆனால் நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பேன்: "முடிவெடுத்த அன்றைக்கு அவர்கள் கையில் இருந்த ஃபைலில் எது தப்பு, இல்லாவிட்டால் எது விடுபட்டது?" பெரும்பாலும் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம், "தப்புன்னு ஒண்ணும் இல்லை சார், ஆனா இன்னொரு தடவை பார்த்தாங்கன்னா…" என்று இழுப்பார்கள்.

இன்னொரு தடவை பார்க்க மாட்டார்கள். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதி அப்பீல்கள் எழுதப்படவே மாட்டா.

கல்லூரி விண்ணப்பங்களுக்கு வழிகாட்டுவது என் தொழில். அதற்கு முன்னால் சில வருடங்கள் விண்ணப்பங்களைப் படிக்கும் பக்கத்திலும் உட்கார்ந்திருக்கிறேன். அப்பீல் வந்தால் மொத்த விண்ணப்பத்தையும் புதிதாக எடைபோட மாட்டோம். முதலில் அப்பீல் கடிதத்தைப் படிப்போம். இதில் சொல்லியிருப்பது ஏற்கனவே ஃபைலில் இருந்ததா? இருந்தது என்றால் வேலை அங்கேயே முடிந்தது. இல்லை என்றால் அடுத்த கேள்வி: இது அன்றைக்கே தெரிந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா? இரண்டையும் தாண்டி வருபவை கைவிரல் விட்டு எண்ணக்கூடியவைதான். கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் இதை வெளிப்படையாகவே சொல்கின்றன: தகவல் புதியதாகவும் இருக்க வேண்டும், முடிவையே அசைக்கும் அளவு வலுவாகவும் இருக்க வேண்டும். பிரிட்டனில் இன்னும் கறார். விண்ணப்பத்தைக் கையாண்ட முறையில் தவறு நடந்ததா என்று பார்ப்பார்களே தவிர, "என் திறமையைச் சரியாக மதிப்பிடவில்லை" என்ற வாதத்தைப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொள்வதே இல்லை. ஸ்டான்ஃபோர்ட் மாதிரி அப்பீல் என்ற வழியையே வைத்திராத இடங்களும் உண்டு. அங்கே எழுதும் கடிதத்துக்கு வேலையே இல்லை.

"புதிய தகவல்" என்ற சொல்தான் எல்லாரையும் குழப்புகிறது. விண்ணப்பம் அனுப்பிய பிறகு வந்த பரிசு, கடைசிப் பருவத்தில் ஏறிய மார்க், புதிதாகக் கிடைத்த பயிற்சி வாய்ப்பு எல்லாம் தேதிப்படி புதியவைதான். ஆனால் அப்பீலைப் படிப்பவருக்கு அவை பெரிதாக உதவாது, ஏனென்றால் விண்ணப்பத்துக்கும் முடிவுக்கும் இடையில் ஓடிய அந்த நான்கு மாதத்தில் இடம் கிடைத்த மாணவர்களும் பரிசு வாங்கியிருப்பார்கள், மார்க் ஏற்றியிருப்பார்கள், அவர்களை யாரும் மறுபடி கூப்பிட்டுக் கேட்கவில்லை, உங்களுக்கு மட்டும் நான்கு மாதம் கூடுதலாகக் கொடுத்தால் அது நியாயமாக இருக்காது. அவர்கள் தேடுவது வேறு. விண்ணப்பம் போடும்போதே உண்மையாக இருந்து, ஆனால் ஃபைலுக்குள் வராமல் போனது, அல்லது தப்பாக வந்தது.

ஒரு மாணவியின் ஃபைலைச் சொல்கிறேன், அப்போது இது தெளிவாகும். பதினோராம் வகுப்பின் நடுவில் குடும்பம் ஊர் மாறியது, அவளும் பள்ளி மாறினாள். பழைய பள்ளி கொடுத்த டிரான்ஸ்கிரிப்ட்டில் அந்த வருடத்தின் ஐந்து பாடங்களுக்கு நேராக W என்று இருந்தது, அதாவது பாதியில் விலகியது. புதிய பள்ளியில் அதே ஐந்து பாடங்களைத் தொடர்ந்து படித்து முடித்திருந்தாள், நான்கில் A, ஒன்றில் B. விண்ணப்பத்தோடு இரண்டு டிரான்ஸ்கிரிப்ட்டும் போயிருக்க வேண்டும். புதிய பள்ளி அனுப்பியது மட்டும் போய்ச் சேரவில்லை. படித்தவர் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும்? நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பெண் திடீரென்று ஐந்து பாடத்தையும் விட்டுவிட்டாள், அதில் சேர்க்கைக்குக் கட்டாயமான கணிதமும் ஒன்று.

இதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதுதான் முக்கியம். நிராகரிப்புக் கடிதத்தில் "தேவையான கணிதப் பாடம் நிறைவு செய்யப்படவில்லை" என்று ஒரு வரி இருந்தது. அவள் அந்தப் பாடத்தில் A வாங்கியவள். குறிப்பிட்ட காரணம் ஒன்றைச் சொல்லி, அந்தக் காரணம் உண்மைக்கு மாறாக இருந்தால், அங்கே கண்டிப்பாக ஏதோ கோளாறு. "இந்த ஆண்டு போட்டி கடுமையாக இருந்தது" என்ற வழக்கமான வரி மட்டும் இருந்தால் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. அடுத்து போர்ட்டலைத் திறந்து, வந்து சேர்ந்த ஆவணங்களின் பட்டியலைப் பார்த்தோம். டிரான்ஸ்கிரிப்ட் என்ற இடத்தில் ஒன்று மட்டும், அதுவும் பழைய பள்ளியுடையது.

அவள் அப்பா அதற்குள் மூன்று பக்கக் கடிதம் ஒன்றை எழுதி வைத்திருந்தார். மகளின் உழைப்பு, சின்ன வயசுக் கனவு, ஜனவரியில் வென்ற பேச்சுப்போட்டி, பள்ளி மாறியபோது பட்ட கஷ்டம் எல்லாம் அதில் இருந்தன. டிரான்ஸ்கிரிப்ட் விஷயம் இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒரு வரியாக ஒளிந்திருந்தது. ஒரு நாளைக்கு முப்பது அப்பீல் படிப்பவர் அந்த வரியைத் தாண்டிப் போயிருப்பார். கடைசியில் அனுப்பியது அவளே எழுதியது, சாரம் இவ்வளவுதான்:

"என் விண்ணப்பத்தில் பதினோராம் வகுப்பின் இரண்டாம் பருவ மதிப்பெண்கள் இடம்பெறவில்லை. அந்த ஆண்டின் நடுவில் பள்ளி மாறினேன். முதல் பள்ளியின் பதிவில் ஐந்து பாடங்களும் W எனக் குறிக்கப்பட்டுள்ளன. அவற்றை இரண்டாவது பள்ளியில் முடித்தேன். அந்தப் பள்ளியின் டிரான்ஸ்கிரிப்ட் உங்களிடம் வந்து சேரவில்லை என்பதை முடிவு வந்த பிறகே கவனித்தேன், அதை முன்பே சரிபார்க்காதது என் தவறு. டிரான்ஸ்கிரிப்ட்டையும், மாறிய தேதியைக் குறிப்பிடும் பள்ளியின் கடிதத்தையும் இணைத்துள்ளேன். கணிதப் பாடத் தேவை பூர்த்தியானதை இவை காட்டுகின்றன. மறுபரிசீலனை செய்யக் கேட்டுக்கொள்கிறேன்."

பேச்சுப்போட்டி இல்லை. கனவு இல்லை. அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கவனித்தீர்களா, "ஏன் முன்பே சொல்லவில்லை" என்பதற்கு அந்தக் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. அதை விட்டால் படிப்பவர் அந்தக் கேள்வியிலேயே நின்றுவிடுவார். இணைப்புகளும் அவள் தரப்பில் தயாரித்தவை அல்ல, பள்ளி நேரடியாகக் கொடுத்தவை. கலிஃபோர்னியா பல்கலைக்கழக விண்ணப்பத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே இளநிலைக்கு விண்ணப்பிக்கும்போது டிரான்ஸ்கிரிப்ட் கேட்பதில்லை, ஒவ்வொரு பாடத்தையும் கிரேடையும் மாணவரே டைப் செய்ய வேண்டும். அதனால் ஒரு பருவத்தையே உள்ளிட மறந்தவர்கள், A இருக்கும் இடத்தில் C போட்டவர்கள் என்று எல்லாரையும் பார்த்திருக்கிறேன். சொந்தத் தவறு என்பதால் முகம் சுளிப்பார்கள், ஆனாலும் ஆதாரம் இருந்தால் அது பேசத் தகுந்த காரணம்தான். அதேபோல, தேர்வு மதிப்பெண்ணில் பெயர் ஒரு மாதிரி, விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்து வேறு மாதிரி இருந்து, இரண்டும் ஒரே ஆள் என்று சிஸ்டத்துக்குத் தெரியாமல் போவதும் நடக்கிறது.

நோய், வீட்டில் மரணம் போன்றவை கொஞ்சம் சிக்கலானவை. எடுபடும், ஆனால் தேதி பொருந்த வேண்டும். மார்க் விழுந்தது ஒரு பருவத்தில், சிகிச்சையும் அதே பருவத்தில், அதற்குப் பிறகு மார்க் மறுபடி ஏறியிருக்கிறது என்றால் கதை தானாகவே நிற்கும். மருத்துவர் கடிதத்தில் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று இருக்க வேண்டும், "சில காலமாக உடல்நலக் குறைவு" என்று பொத்தாம்பொதுவாக எழுதி வாங்கிவந்தால் பிரயோஜனம் இல்லை. மூன்று வருடமும் ஒரே மட்டத்தில் இருந்த மார்க்குக்கு இரண்டு வாரக் காய்ச்சலைக் காரணம் காட்டுவதும் எடுபடாது, அதை எழுதிவிட்டு வருபவர்கள் அதிகம்.

அப்புறம், அப்பீலே வேண்டாம் என்று நான் திருப்பி அனுப்புபவர்கள். "என் பையனை விடக் குறைந்த மார்க் வாங்கியவனுக்குக் கிடைத்திருக்கிறது" என்பது அதிகம் வரும் வாதம், அதைவிடப் பலவீனமான வாதமும் இல்லை. அந்த இன்னொரு மாணவனின் ஃபைலை நீங்கள் பார்த்ததில்லை, அதைப் பற்றி உங்களிடம் பேச அவர்களால் முடியாது. பெரிய மனிதர் ஒருவரிடம் வாங்கிய கூடுதல் பரிந்துரைக் கடிதமும் அப்படித்தான், கேட்காத கடிதத்தைப் படிக்கவே மாட்டோம் என்று எழுதி வைத்திருக்கும் இடங்கள் உண்டு. வெறும் மதிப்பெண் வரிசைப்படி இடம் கொடுக்கும் முறையில், உங்கள் மதிப்பெண் சரியாகப் பதிவாகி, கடைசி இடம் பெற்றவருடையதை விடக் குறைவாக இருந்தால், அங்கே மறுபரிசீலனை செய்ய எதுவுமே இல்லை.

காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்களுக்கு வந்திருப்பது நிராகரிப்பு இல்லை, அதனால் பல இடங்களில் நீங்கள் அப்பீல் போடவே முடியாது. ஆனால் மேலே எடுபடாது என்று சொன்ன பரிசும் ஏறிய மார்க்கும் இங்கே எடுபடலாம், அந்தப் பல்கலைக்கழகம் புதிய தகவலை ஏற்றுக்கொள்ளும் என்று சொல்லியிருந்தால். ஒரே செய்தி, ஒரு கதவில் குப்பை, பக்கத்துக் கதவில் சரக்கு. எந்தக் கதவு முன்னால் நிற்கிறோம் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அப்பீல் போட முடிவு செய்தால் பொதுவாக ஒரு தடவைதான் வாய்ப்பு, அதற்கான நாட்களும் குறைவு. முதல் இரண்டு நாளைக் கோபத்தில் கழிக்காமல் போர்ட்டலைத் திறந்து ஆவணப் பட்டியலையும் நீங்கள் உள்ளிட்ட மதிப்பெண்களையும் மூலச் சான்றிதழோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்றால், ஏன் நிராகரித்தார்கள் என்று பல்கலைக்கழகத்திடம் கேட்க வழி இருக்கும் இடத்தில் முதலில் அதைக் கேளுங்கள். கையெழுத்து மாணவருடையதாக இருக்கட்டும், பெற்றோர் எழுதிய கடிதத்தைப் படித்த உடனே தெரிந்துவிடும். முக்கியமாக, வேறு கல்லூரியில் கிடைத்த இடத்துக்கான கட்டணக் கெடுவைத் தவறவிடாதீர்கள். அப்பீல் முடிவு அந்தக் கெடுவுக்குப் பிறகு வருவது சாதாரணம், கெடு யாருக்காகவும் நிற்காது.

அந்த மாணவியும் வேறொரு கல்லூரியில் இடத்தை உறுதி செய்துவிட்டுத்தான் காத்திருந்தாள். ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. ஃபைல் திருத்தப்பட்டது, சேர்க்கைக்குத் தகுதி என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது, ஆனால் அவள் கேட்ட பாடப்பிரிவு அதற்குள் நிரம்பிவிட்டது, பக்கத்துப் பிரிவில் இடம் தருகிறோம் என்றார்கள். இரண்டு நாள் யோசித்தாள். ஏற்கனவே உறுதி செய்த கல்லூரியில் அவள் விரும்பிய பிரிவே இருந்ததால், வேண்டாம் என்று எழுதிவிட்டாள்.