மறுமதிப்பீட்டுக்குப் பின் சொத்து வரி ஏறிவிட்டதா? ஆட்சேபணை எங்கே நிற்கும், எங்கே நிற்காது

பகுதி முழுவதையும் மறுமதிப்பீடு செய்து முடித்த பிறகு வருகிற வரி நோட்டீஸில் எல்லோர் கண்ணும் கடைசித் தொகைக்குத்தான் போகும். போன தடவை இவ்வளவு, இப்போது இவ்வளவு. ஆனால் அந்தக் கடைசித் தொகையை எதிர்த்து மனுப் போட முடியாது. அது இரண்டு எண்களின் பெருக்கல் மட்டுமே. ஒன்று உங்கள் சொத்துக்கு அவர்கள் வைத்த மதிப்பு. மற்றொன்று அந்த மதிப்பில் எத்தனை சதவீதம் வரி என்கிற விகிதம். விகிதத்தை உள்ளாட்சி மன்றமோ அரசோ தீர்மானிக்கிறது, அதை மாற்ற உங்கள் மனுவைப் படிக்கும் அதிகாரிக்கு அதிகாரம் கிடையாது. மதிப்பில் தவறு இருந்தால் அதைத் திருத்தும் அதிகாரம் மட்டும் அவருக்கு உண்டு. “இவ்வளவு கட்ட என்னால் முடியாது” என்று எழுதப்பட்ட மனுக்கள் அடுக்கடுக்காகத் தள்ளுபடியாவதற்கு இதுதான் காரணம். கட்ட முடியாதவர்களுக்குச் சலுகையோ தவணையோ இருக்கும் இடங்களில் அதற்கு வேறு விண்ணப்பம் உண்டு. ஆட்சேபணை மனுவில் அதைக் கலக்காதீர்கள்.

மதிப்பை எப்படிப் போடுகிறார்கள் என்பது ஊருக்கு ஊர் மாறும். வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு என்ன கிடைக்கும் என்று பார்ப்பது ஒரு முறை. விற்றால் என்ன விலை போகும் என்று பார்ப்பது இன்னொன்று. இடத்துக்கும் கட்டடத்துக்கும் தகுந்தபடி சதுர அலகுக்கு இவ்வளவு என்று நிர்ணயித்து, பரப்பால் பெருக்குவது மூன்றாவது. டெல்லி 2004இல் இதற்கு மாறியது. எந்த முறையாக இருந்தாலும் உங்கள் வீட்டுக்கென ஒரு மதிப்பீட்டுத் தாள் இருக்கும். பரப்பு, பயன்பாடு, கட்டட வகை, கட்டிய ஆண்டு எல்லாம் அதில் இருக்கும். நோட்டீஸ் வந்ததும் முதலில் கேட்டு வாங்க வேண்டியது அந்தத் தாளைத்தான், பழையதும் புதியதும் சேர்த்து. அது கையில் இல்லாமல் எழுதும் மனு, நோயைப் பார்க்காமல் கொடுக்கும் மருந்து மாதிரி.

ஒரு பகுதியையே மொத்தமாக மதிப்பிடும்போது பெரும்பாலும் யாரும் உங்கள் வீட்டுக்குள் வந்து நாடா பிடித்து அளப்பதில்லை. மேலிருந்து எடுத்த படத்தில் கூரையின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டுப் பரப்பை எடுப்பார்கள். தெருவில் நடந்துபோய்ப் பெயர்ப்பலகையைப் பார்த்துப் பயன்பாட்டைக் குறிப்பார்கள். மற்றது எல்லாம் பழைய பதிவேட்டிலிருந்து வரும். இந்த மூன்றுக்கும் அதனதன் தவறுகள் உண்டு. மேலிருந்து பார்த்தால் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கூரையும் வீடாகத் தெரியும். தகரக் கொட்டகையும் வீடாகத் தெரியும். காலி செய்து போனவரின் பலகையைக் கழற்றாமல் விட்டிருந்தால் அந்த அறை இன்னும் கடைதான்.

ஒரு வீட்டைக் கற்பனையாக எடுத்துக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வாடகை மதிப்பு முறை, பணத்தின் பெயர் வேண்டாம், எண்கள் மட்டும் போதும். பழைய தாளில் 1,000 சதுர அடி, குடியிருப்பு, சதுர அடிக்கு 5. ஆக மதிப்பு 5,000. மறுமதிப்பீட்டில் அந்தத் தெருவின் குடியிருப்பு மதிப்பு 6 ஆகிறது. அப்படியானால் 6,000 வர வேண்டும். ஆனால் புதிய தாளில் 8,700 என்று இருக்கிறது. 74 சதவீத உயர்வு.

தாளைப் பிரித்துப் பார்த்தால் பரப்பு 1,300 சதுர அடி. அதில் 150 சதுர அடி வணிகம், அதற்குச் சதுர அடிக்கு 12. மிச்சம் 1,150 குடியிருப்பு, 6 வீதம். 1,800, அப்புறம் 6,900. கூட்டினால் 8,700. பெருக்கலில் பிழை இல்லை. பிழை அதற்கு முன்னால் இருக்கிறது.

வீட்டுக்காரர் நாடாவை எடுத்து அளக்கிறார். சுவருக்குச் சுவர் 1,000 சதுர அடிதான். கூடுதல் 300இல் 120 வெறும் கூரை நீட்டம், கீழே எதுவும் இல்லை. மீதி 180, வண்டி நிறுத்த ஆறு வருடம் முன்பு போட்ட தகரக் கொட்டகை. வணிகம் என்று குறித்த முன்னறையில் ஒரு தையற்காரர் இருந்தார், அவர் காலி செய்து ஓராண்டுக்கு மேலாகிறது. இப்போது அது படிப்பறை.

சரி, 8,700 எங்கே இறங்கும்? 6,000க்கு இறங்காது. அந்த ஊர் விதியில் சுவர் இல்லாத கொட்டகைக்குப் பாதி மதிப்பு என்று வைத்துக்கொண்டால், 180க்குப் பாதி 90, அது 540. ஆக 6,540. உயர்ந்த 3,700இல் தெரு மதிப்பு ஏறியதால் வந்த 1,000 நியாயமானது. கொட்டகையின் 540ம் நியாயமானதே. தவறாக ஏறியது கூரை நீட்டத்தின் 720, கொட்டகையை முழு வீடாக எண்ணியதில் 540, அறையைக் கடையாக எண்ணியதில் 900. மொத்தம் 2,160. மனு இந்த 2,160ஐப் பற்றி மட்டும் பேச வேண்டும். 3,700 முழுவதையும் எதிர்த்தால், விசாரிப்பவர் நியாயமான பாதியைக் காட்டி நியாயமில்லாத பாதியையும் சேர்த்துத் தள்ளிவிடுவது எளிது.

இதில் ஒரு சங்கடமும் ஒளிந்திருக்கிறது. அந்தக் கொட்டகையைப் போட்டபோது அவர் அறிவிக்கவில்லை. மறு அளவுக்கு அழைத்தால் வருபவர் அதையும் பார்ப்பார், மாடியில் கட்டிய அறை இருந்தால் அதையும் பார்ப்பார். ஆட்சேபணையில் மதிப்பை உயர்த்தவும் அதிகாரம் உள்ள ஊர்கள் இருக்கின்றன. விட்டுப்போன காலத்துக்கும் சேர்த்து வரி கேட்கும் விதிகளும் உண்டு. அதனால் மனுவை எழுதும் முன் இரண்டு பக்கத்தையும் கூட்டிக் கழித்துப் பாருங்கள். சில வீடுகளுக்கு வாயை மூடிக்கொண்டு கட்டுவதுதான் லாபம்.

பரப்பிலும் பயன்பாட்டிலும் பிழையே இல்லை, ஆனாலும் மதிப்பு அதிகம் என்று தோன்றினால் அடுத்த வழி ஒப்பீடு. இது முதல் வழியைவிடக் கடினம். அதே தெருவில், அதே அளவு, அதே வயது, அதே வகை வீடுகள் மூன்று நான்கின் மதிப்பு தேவை. பதிவேடு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் இடங்களில் இது சாத்தியம். விற்பனை விலை முறையில் இன்னொரு பொறி இருக்கிறது. மதிப்பு எந்தத் தேதிக்கு என்பதைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் கவுன்சில் வரி எனப்படும் வீட்டு வரிக்கு ஒரு வீடு எந்த விலைப் படியில் வரும் என்பது இன்றுவரை 1991 ஏப்ரல் 1 அன்றைய விலையை வைத்துத்தான். போன மாதம் பக்கத்து வீடு மலிவாக விற்றது என்று அங்கே வாதாடிப் பயனில்லை. அமெரிக்காவின் டெக்சாஸில் அந்தந்த ஆண்டின் ஜனவரி 1. ஆகவே அந்தத் தேதியை ஒட்டி நடந்த விற்பனைகளைத்தான் ஆதாரமாகக் காட்ட வேண்டும்.

மன்றம் தனக்கு இந்த ஆண்டு இவ்வளவு தொகை வேண்டும் என்று முடிவு செய்து, அதை மொத்த மதிப்பால் வகுத்து விகிதம் காணும் ஊர்களில் இன்னொரு சோதனையும் செய்யலாம். அங்கே எல்லோர் மதிப்பும் ஒரே அளவு ஏறினால் யாருடைய வரியும் கூடாது, விகிதம்தான் குறையும். சராசரி உயர்வு 40 சதவீதம், உங்கள் உயர்வு 65 என்றால் மட்டுமே உங்கள் பங்கு கூடுகிறது. விகிதம் நிரந்தரமாக உள்ள ஊர்களில் இந்தச் சோதனை செல்லாது.

கெடு விஷயத்தில்தான் அதிகம் பேர் தோற்கிறார்கள். பல இடங்களில் நாள் எண்ணத் தொடங்குவது நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல, அதில் அச்சிட்ட தேதியிலிருந்தோ அது அனுப்பப்பட்ட நாளிலிருந்தோதான். டெக்சாஸில் மே 15 அல்லது நோட்டீஸ் சேர்ப்பிக்கப்பட்டதிலிருந்து 30 நாள், எது பிந்தியதோ அது. உங்கள் நோட்டீஸின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறதோ அதுவே உங்களுக்குச் சட்டம். உறையையும் எறியாதீர்கள், முத்திரையில் இருக்கும் தேதி ஒருநாள் உதவும். ஆதாரம் எல்லாம் சேரவில்லை என்று காத்திருக்க வேண்டாம். மனுவைக் கெடுவுக்குள் கொடுத்து, ஆவணங்கள் பின்னால் வரும் என்று அதிலேயே எழுதிவிடலாம்.

மனு ஒரு பக்கம் போதும். இப்படி:

“என் சொத்தின் மதிப்பீட்டு எண் இது. இந்தத் தேதியிட்ட நோட்டீஸின் மதிப்பான 8,700ஐ ஆட்சேபிக்கிறேன். தாளில் 1,300 சதுர அடி என்று உள்ளது. சுவர் அளவு 1,000. 120 கூரை நீட்டம், 180 சுவரில்லாத கொட்டகை. முன்னறை வணிகப் பயன்பாட்டில் இல்லை. சரியான மதிப்பு 6,540. மறு அளவும் நேரடி விசாரணையும் கோருகிறேன்.”

இதோடு கையால் வரைந்த அளவுப்படம், தேதி தெரியும் புகைப்படங்கள், அனுமதி பெற்ற வரைபடத்தின் நகல், குடியிருப்புக் கட்டணம் போட்ட மின் ரசீது. அந்த மின் ரசீதுக்கு உள்ள வலிமை பத்துப் பக்க விளக்கத்துக்குக் கிடையாது. மனுவைக் கொடுத்த கையோடு நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள், இணையத்தில் கொடுத்தால் ஒப்புகை எண்ணைச் சேமித்து வையுங்கள்.

மனுப் போட்டதால் வரி நின்றுவிடாது. பல விதிகளில் முழுத் தொகையையோ, மறுக்காத பகுதியையோ கட்டினால்தான் மனுவை எடுத்துக்கொள்வார்கள், கட்டாவிட்டால் வட்டி ஓடும். மறுக்காத பகுதி என்பது இந்த வீட்டுக்கு 6,540க்கான வரி. முழுவதும் கட்ட நேர்ந்தால் “ஆட்சேபணைக்கு உட்பட்டுச் செலுத்துகிறேன்” என்று எழுத்தில் கொடுத்துவிட்டுக் கட்டலாம். மனு நிலுவையில் இருக்கும்போது ஒன்றும் சொல்லாமல் கட்டினால் மதிப்பை ஏற்றுக்கொண்டதாக வாதம் எழக்கூடும்.

விசாரணை நாளில் பெரும்பாலும் பத்து நிமிடம்கூடக் கிடைக்காது. முதல் கேள்வி கிட்டத்தட்ட இப்படித்தான் வரும்: “உங்களுக்கு மட்டுமா சார் ஏறியிருக்கு? தெரு முழுக்க ஏறியிருக்கே?” இதற்குக் கோபப்படத் தேவையில்லை. “தெருவுக்கு 20 சதவீதம், எனக்கு 74. இடையில் உள்ள வித்தியாசம் எந்தச் சதுர அடியில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்” என்று சொல்லி அளவுப்படத்தை நீட்டலாம். மறு அளவுக்கு ஆள் வந்தால் கூடவே நின்று அவர் குறிக்கும் எண்களை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

முடிவை எழுத்தில், காரணத்தோடு கேளுங்கள். மேல்முறையீட்டுக்கான கெடு அந்த உத்தரவின் தேதியிலிருந்து ஓடத் தொடங்கும். வாய்மொழியாக “பார்த்துக்கொள்கிறோம்” என்பதற்குத் தேதி கிடையாது. மனு ஏற்கப்பட்டால் கூடுதலாகக் கட்டியது பெரும்பாலும் கையில் வராது, அடுத்த தவணையில் கழியும். அப்படிக் கழிந்திருக்கிறதா என்று அடுத்த நோட்டீஸில் பாருங்கள். பரப்பு 1,000, கொட்டகை தனிப் பதிவு, முன்னறை குடியிருப்பு என்று தாளிலேயே திருத்தியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். தொகையைக் குறைத்துவிட்டுப் பதிவேட்டைத் திருத்தாமல் விட்டால், அடுத்த மறுமதிப்பீட்டில் அதே 1,300 திரும்பவும் வந்து நிற்கும்.