வெட்டி ஒட்டிய கையெழுத்தின் ஓரம்

வாடகை ஒப்பந்தத்தின் பிடிஎஃப் ஒன்றை வீட்டு உரிமையாளர் ஒருவர் கொண்டுவந்தார். மூன்று பக்கம், மூன்றிலும் நீல மையில் கையெழுத்து. "கையெழுத்து என்னுதுதான் சார், ஆனா இதுல நான் போடல" என்றார்.

முதலில் 800 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்கேன் செய்த தாளில் எந்தக் கோடும் சட்டென்று முடியாது. மைக்கும் தாளுக்கும் நடுவே இரண்டு மூன்று பிக்சல் அளவுக்குச் சாம்பல் படிந்து மெல்ல மங்கும். இதில் அச்செழுத்துகள் அப்படித்தான் இருந்தன. கையெழுத்தின் ஓரமோ படிக்கட்டு மாதிரி வெட்டுப்பட்டு, சுற்றிலும் மெல்லிய வெள்ளை விளிம்போடு இருந்தது. முதல் பக்கம் முத்திரைத்தாள். அதன் பின்னணிக் கோலம் கையெழுத்தின் வளைவுகளுக்குள் மட்டும் அழிந்திருந்தது. காசோலையிலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

அப்புறம் கோப்புக்குள் இருக்கும் படங்களைப் பட்டியலிடும் இந்தக் கட்டளை:

```
pdfimages -list oppandham.pdf
```

பக்கப் படம் அங்குலத்துக்கு 200 பிக்சல். கையெழுத்து தனிப் படமாக, 96 பிக்சலில் வந்தது. ஒரே தாளை ஒரே தடவை ஸ்கேன் செய்தால் இரண்டு அளவு எப்படி வரும்?

உடனே போலி என்று எழுதிவிடவில்லை. கோப்பின் அளவைக் குறைக்கச் சில ஸ்கேனர்கள் எழுத்தை ஓர் அடுக்காகவும் தாளை வேறு அடுக்காகவும் பிரித்து வைக்கும். அதில் உண்மையான கையெழுத்தும் கூர்மையாக, வேறு அளவில் தெரியும். ஆனால் அங்கே பக்கத்திலுள்ள அச்செழுத்தும் சேர்ந்தே பிரியும். இங்கே கையெழுத்து மட்டும் தனியாக நின்றது.

மையையும் பார்த்தேன். பால்பாயின்ட் பேனா திரும்பும் இடத்தில் அழுத்தம் கூடி நிறம் அடர்த்தியாகும், கோடு முடியும் இடத்தில் வெளிறும். அந்த ஏற்ற இறக்கம் இதிலும் இருந்தது, யாரோ உண்மையாகப் போட்டதுதானே! ஆனால் அதே நீல மையில் எழுதிய தேதியோடு ஒப்பிட்டால், கையெழுத்தில் மட்டும் மஞ்சள் சாயல். மஞ்சள் விளக்கின் கீழ் கைபேசியில் எடுத்த படத்தில் இப்படி வரும். நிறத்தை மட்டும் நம்பி நான் முடிவெடுப்பதில்லை, பேனாவை மாற்றினாலும் நிறம் மாறும்.

கடைசியாக மூன்று கையெழுத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். ஒரு முடியளவுகூட விலகாமல் பொருந்தின. யாருடைய கையும் மூன்று முறை அப்படி எழுதாது.

இந்தக் கோப்பை அச்சடித்து மறுபடி ஸ்கேன் செய்திருந்தால் வெட்டிய ஓரம், தனிப் படம், 96 எல்லாம் போயிருக்கும். மூன்றும் ஒன்றாகப் பொருந்துவதும், அழிந்த கோலமும் மட்டும் ஓரளவு மிஞ்சியிருக்கும். ஒரே ஒரு கையெழுத்து மட்டும் உள்ள மங்கலான ஜெராக்ஸ் என்றால் அதுவும் கிடைக்காது. அந்த மாதிரி வருகிறவர்களிடம் அசல் தாளைக் கேட்பேன். அது வரவில்லையென்றால், "கருத்துச் சொல்ல இயலாது" என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.