கேபிள் செருகியும் திறக்காத போர்ட்

சுவரில் இருக்கும் நெட்வொர்க் சாக்கெட்டில் கேபிளைச் செருகியதும் விளக்கு எரிகிறது, ஆனால் ஐபி முகவரி வரவில்லை. நுழையும் சாதனத்தின் அடையாளத்தைச் சரிபார்க்கும் 802.1எக்ஸ் தரநிலை இயக்கப்பட்ட சுவிட்சில் இது பழுதாக இருக்க வேண்டும் என்பதில்லை. அந்த போர்ட் அப்படி இருக்கும்படிதான் வைக்கப்பட்டிருக்கிறது.

ஐஇஇஇ 2001-இல் வெளியிட்ட இந்தத் தரநிலை, கேபிள் இணைப்பையும் போக்குவரத்துக்கான அனுமதியையும் தனித்தனியாகப் பிரிக்கிறது. கேபிளைச் செருகியதும் முதலாவது கிடைத்துவிடும். இரண்டாவது கிடைக்கும்வரை, சுவிட்சுகள் தங்கள் நிர்வாகத்துக்காகப் பயன்படுத்தும் ஓரிரு நெறிமுறைகளைத் தவிர, வகையைக் காட்டும் ஈதர்டைப் எண்ணாக `0x888E` கொண்ட பொட்டலங்களை மட்டுமே சுவிட்ச் எடுத்துக்கொள்ளும். அந்த எண் அடையாளம் காட்டும் உரையாடலுக்கென்றே ஒதுக்கப்பட்டது. ஐபி முகவரி கேட்டு வரும் டிஎச்சிபி கோரிக்கையைச் சுவிட்ச் சத்தமில்லாமல் கைவிட்டுவிடும்.

சுவிட்ச் "நீ யார்?" என்று கேட்கும். மடிக்கணினியில் அதற்கென இருக்கும் மென்பொருள் பதில் சொல்லும். அந்தப் பதிலைச் சுவிட்ச் தானே ஆராய்வதில்லை. யாரை உள்ளே விடலாம் என்று முடிவு செய்யும் ரேடியஸ் சர்வருக்கு அனுப்பிவிடுகிறது. கணினியும் சர்வரும் ஒருவர் சான்றிதழை ஒருவர் சரிபார்த்து முடிக்கும்வரை சுவிட்ச் வெறும் தபால்காரர்தான். சர்வர் `Access-Accept` என்று சொன்னால் போர்ட் திறக்கும். எந்த விலானில், அதாவது நெட்வொர்க்கின் எந்தத் தனிப் பிரிவில், சேர்க்க வேண்டும் என்பதும் அதே செய்தியில் வரலாம். எல்லாம் ஒழுங்காக இருந்தால் ஓரிரு நொடிகளில் வேலை முடிந்துவிடும்.

சரி, இந்த மொழியே தெரியாத ஒரு பழைய பிரிண்டரைச் செருகினால்?

சிஸ்கோ சுவிட்சுகளில் பரவலாக இருக்கும் இயல்பு அமைப்பை எடுத்துக்கொள்வோம். சுவிட்ச் ஒருமுறை கேட்டுவிட்டு 30 நொடி காத்திருக்கும். பதில் இல்லையென்றால் இன்னும் இரண்டு முறை கேட்கும். ஆக மொத்தம் 90 நொடி. அதன்பிறகுதான் மாற்று வழிக்குப் போகும்: சாதனம் அனுப்பும் ஏதாவது ஒரு பொட்டலத்திலிருந்து அதன் வன்பொருள் அடையாள எண்ணான மேக் முகவரியைப் படித்து, அதையே பயனர் பெயராகவும் கடவுச்சொல்லாகவும் சர்வருக்கு அனுப்பும். பட்டியலில் அந்த முகவரி இருந்தால் அனுமதி கிடைக்கும்.

சிக்கல் அந்த 90 நொடிக்குள் இருக்கிறது. பிரிண்டர் விழித்ததும் டிஎச்சிபி கோரிக்கையைச் சில முறை அனுப்பும். பதில் வராததால், பல பிரிண்டர்கள் அந்த நேரத்துக்குள் சோர்ந்துபோய் `169.254` என்று தொடங்கும் முகவரியைத் தாங்களே போட்டுக்கொண்டு அமைதியாகிவிடும். சுவிட்ச் மேக் முகவரியைப் படிக்கத் தயாராகும்போது படிப்பதற்குப் பொட்டலமே வருவதில்லை. பேசினால்தான் அடையாளம் தெரியும். பிரிண்டரோ பேசி ஓய்ந்துவிட்டது. இந்த நிலையில் பெரும்பாலோர் கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகுவார்கள். இணைப்பு அறுந்ததால் சுவிட்சின் கணக்கு பூஜ்ஜியத்துக்குத் திரும்பி, அதே 90 நொடி மறுபடி தொடங்கும்!

கீழே உள்ள முதல் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால் மேக் முகவரி இருக்க வேண்டிய இடம் `Unknown` என்று நிற்கும். அதுவே துப்பு. காத்திருப்பைக் குறைப்பது, அந்த போர்ட்டின் அமைப்புக்குள் போய்க் கொடுக்க வேண்டிய இரண்டாவது கட்டளை.

```
show authentication sessions interface Gi1/0/7 details
dot1x timeout tx-period 10
```

30 நொடி 10 ஆனால் 90 நொடி 30 ஆகும். பிரிண்டர் இன்னும் முகவரி கேட்டுக்கொண்டிருக்கும் நேரம் அது. அதற்காக ஒரு நொடிக்கு இறக்கிவிடவும் கூடாது. மெதுவாக விழிக்கும் கணினி, தன் மென்பொருள் தயாராகும் முன்பே மாற்று வழிக்குத் தள்ளப்பட்டு விருந்தினர் விலானில் போய் விழலாம்.

மாற்று வழி பலவீனமானது என்பதையும் மறைக்க முடியாது. மேக் முகவரி பல பிரிண்டர்களின் முதுகிலேயே ஒட்டப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்து எழுதிக்கொண்டு தன் மடிக்கணினிக்குச் சூட்டிக்கொள்ள யாராலும் முடியும்.

சான்றிதழோடு நுழைந்த கணினி மட்டும் முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியுமா? அதுவும் இல்லை. அடையாளச் சோதனை நுழையும்போது நடக்கிறது. அப்புறம் வரும் ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் முத்திரை எதுவும் இல்லை. கணினிக்கும் சுவிட்சுக்கும் நடுவே ஒரு ஹப்பை வைத்து, அதே மேக் முகவரியோடு இன்னொரு கருவியைச் செருகினால் சுவிட்சால் வித்தியாசம் காண முடியாது. இதை அடைப்பது மேக்செக். பொட்டலங்கள் ஒவ்வொன்றையும் அது ரகசியச் சாவியால் காக்கிறது. அந்தச் சாவியைப் பரிமாறும் முறை 802.1எக்ஸின் 2010 திருத்தத்தில் சேர்ந்தது. ஆனால் கணினியும் சுவிட்சும் இரண்டுமே அதை ஆதரிக்க வேண்டும். பழைய பிரிண்டரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. அதனால் மேக் முகவரியை மட்டும் காட்டி நுழைபவற்றைத் தனி விலானில் போட்டு, அச்சு சர்வரிலிருந்து 9100-ஆம் டிசிபி போர்ட்டுக்கு வரும் இணைப்பு போன்ற தேவையானவற்றை மட்டும் அனுமதிப்பதே நடைமுறை வழி.