அணைக்கட்டு பக்கத்தில் இருப்பதால் கரண்ட் பூச்சியம் ஆகிவிடாது

இன்னுமொரு தாள் வந்திருக்கிறது. தலவாக்கலைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் சுற்றாடல் கழகத்துக்காக ஒரு மாணவி தன் வீட்டால் ஒரு மாதத்தில் எவ்வளவு காபனீரொட்சைட்டு காற்றில் சேர்கிறது என்று காபன் கணக்குப் போட்டிருக்கிறாள். மின்சாரம் என்ற வரியில் பெரிய பூச்சியம். பக்கத்தில் காரணம்: “எமக்கு மின்சாரம் மேல் கொத்மலை நீர்த்தேக்கத்திலிருந்து கிடைக்கிறது.” ஆசிரியர் அதற்குச் சிவப்புப் பேனாவால் சரி போட்டிருக்கிறார்.

நான் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு வலுக் கணக்காய்வு செய்கிறவன். உலர்த்தி அடுப்புக்கு எவ்வளவு விறகு போகிறது, வாடவிடும் தொட்டியின் விசிறிக்கு எத்தனை யூனிட் ஓடுகிறது என்று பார்ப்பதுதான் வேலை. வீட்டுக் கணக்குகள், தெரிந்த ஆசிரியர்கள் “ஒருக்கா பார்த்துச் சொல்லுங்க சேர்” என்று அனுப்புபவை. அநேகமாக எல்லாவற்றிலும் இந்தப் பூச்சியம் இருக்கும். நோர்வூட்டிலிருந்து வந்தால் காசல்ரீ, மஸ்கெலியாவிலிருந்து வந்தால் மவுசாகலை. அணையின் பெயர் மட்டும் மாறும்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை பகல் நாடு முழுக்கக் கரண்ட் போனது ஞாபகம் இருக்கிறதா? பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் என்று அமைச்சர் சொன்னார், உலகமே சிரித்தது. நம் வீட்டுக்கு நேரே அணையிலிருந்து கம்பி வருகிறது என்றால், எங்கோ கடற்கரையோரத்தில் குரங்கு செய்த வேலைக்குத் தலவாக்கலையில் ஏன் மின்குமிழ் அணைந்தது? ஏனென்றால் இந்தத் தீவில் இருப்பது ஒரே வலைப்பின்னல். மேல் கொத்மலையின் 150 மெகாவாட்டும், நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் 900 மெகாவாட்டும், களனிதிஸ்ஸவில் எரிகிற எண்ணெயும், கூரைகளில் இருக்கிற சோலாரும் அதே வலைப்பின்னலில்தான் சேர்கின்றன. உங்கள் சுவிட்சைப் போட்டால் வருவது அந்தக் கலவை. அதில் உங்கள் பங்கை மட்டும் தண்ணீராகப் பிரித்தெடுக்க முடியாது.

இல்லை, கணக்குக்காக அப்படிப் பிரித்தே எழுதுவோம் என்று வைத்துக்கொள்வோம். மலையகத்தார் எல்லாரும் தண்ணீர் மின்சாரத்தைத் தங்களுடையது என்று எழுதிவிட்டால், மிஞ்சுகிற நிலக்கரியும் எண்ணெயும் கொழும்புக்காரர் தலையில் விழ வேண்டும். அவர்கள் அப்படி எழுதுகிறார்களா? அவர்கள் நாட்டின் சராசரியைத்தான் எழுதுகிறார்கள். இரண்டு கணக்கையும் கூட்டிப் பாருங்கள், நுரைச்சோலைப் புகையில் ஒரு பகுதி யார் வீட்டிலும் இல்லாமல் காணாமல் போயிருக்கும். அதனால் எல்லாரும் ஒரே சராசரியைப் போட வேண்டும். இலங்கைக்கு ஒரு யூனிட்டுக்கு அரைக் கிலோ காபனீரொட்சைட்டு என்று வைத்தால் வீட்டுக் கணக்குக்குப் போதும். மழை நன்றாகப் பெய்த வருடம் அது இறங்கும், வறட்சியில் ஏறும். திருத்தமான எண் வேண்டுமென்றால் சஸ்டெய்னபல் எனர்ஜி ஒதோரிட்டி வெளியிடுகிற எனர்ஜி பேலன்ஸ் அறிக்கையில் பாருங்கள். (தொழில்காரர்களுக்கு ஒரு வார்த்தை: மிச்சம் பிடித்த யூனிட்டைக் கணக்கிடும்போது இந்தச் சராசரி போதாது. மாலை நேரத்தில் கூடுதலாக ஓட்டுவது பெரும்பாலும் எண்ணெய் இயந்திரம் என்பதால் எண் அரைக் கிலோவைவிட மேலே போகும்.)

சரி, இனி அந்த மாணவியின் தாளுக்கு வருவோம். வீட்டில் ஐந்து பேர். கரண்ட் பில்லில் 72 யூனிட். ஆனால் அந்த பில் 30 நாளுக்கானது அல்ல. மீட்டர் பார்க்கிறவர் போன முறை வந்ததற்கும் இந்த முறை வந்ததற்கும் இடையில் 33 நாள். இதை யாருமே பார்ப்பதில்லை. பில்லில் இரண்டு திகதியும் அச்சிட்டிருக்கும், தயவுசெய்து பாருங்கள். 72ஐ 33ஆல் வகுத்து 30ஆல் பெருக்கினால் 65 யூனிட் சொச்சம், அதாவது 33 கிலோ. ஒரே மீட்டரில் இரண்டு லயன் வீடுகள் ஓடினால் முதலில் யூனிட்டைப் பிரியுங்கள். காசைப் பாதி பாதியாகப் பகிர்கிறீர்கள் என்பதற்காக யூனிட்டும் பாதி என்று எழுதாதீர்கள். ஒரு வீட்டில் பிரிட்ஜ் இருக்கும், மற்றதில் இருக்காது.

காஸுக்கும் இதே நாள் கணக்குத்தான். 12.5 கிலோ சிலிண்டர் அவர்களுக்கு 50 நாள் வருகிறது. சிலிண்டர் மாற்றிய மாதத்தில் முழுதாக எழுதி, அடுத்த மாதம் ஒன்றும் எழுதாமல் விடுவது பிழை. மாதத்துக்கு 7.5 கிலோ காஸ். ஒரு கிலோ எரிந்தால் சுமார் 3 கிலோ காபனீரொட்சைட்டு என்று எடுத்தால் 22 அல்லது 23 கிலோ. அதைச் சாப்பாட்டோடு போடுவதா, கரண்டோடு போடுவதா என்று கேட்கிறார்கள். எங்கே வேண்டுமானாலும் போடுங்கள், ஒரு தரம் மட்டும். விறகு தோட்டத்தில் வெட்டி மறுபடி தளிர்க்கிற மரத்தினுடையது என்றால் அதன் காபனீரொட்சைட்டைக் கூட்ட வேண்டியதில்லை. சமையலறைப் புகை அம்மாவின் நெஞ்சுக்கு என்ன செய்கிறது என்பது வேறு கணக்கு.

போக்குவரத்தில்தான் அந்தத் தாள் தலைகீழாகிவிட்டது. அப்பாவின் மோட்டார் சைக்கிளுக்கு மாதம் 12 லீற்றர் பெற்றோல், லீற்றருக்கு 2.3 கிலோ, ஆக 28 கிலோ. அது சரி. அக்கா ஒருவழி 15 கிலோமீற்றர் பஸ்ஸில் வேலைக்குப் போகிறாள், மாதத்தில் 20 நாள், மொத்தம் 600 கிலோமீற்றர். நம் ஏற்றத்தில் பஸ் ஒரு லீற்றர் டீசலுக்கு 3 கிலோமீற்றர் ஓடும் என்று மாணவி வைத்திருக்கிறாள். நியாயமான எண்தான். டீசல் லீற்றருக்கு 2.7 கிலோ, அதனால் கிலோமீற்றருக்கு 0.9 கிலோ. அதை 600ஆல் பெருக்கி 540 கிலோ என்று எழுதிவிட்டாள்! பஸ் முழுவதையும் அக்கா தலையில் ஏற்றிவிட்டாள். காலை பஸ்ஸில் 45 பேர் என்றால் ஆளுக்குக் கிலோமீற்றருக்கு 0.02 கிலோ, மாதம் 12 கிலோ. பஸ் பாதி காலியாக ஓடினால் 24. இதற்கு மேல் போகாது.

இது வெறும் கூட்டல் பிழை என்று விட்டுவிடலாமா? தாளின் கடைசியில் பரிந்துரை என்று ஒரு வரி இருந்தது: “அக்கா பஸ்ஸை விட்டு ஸ்கூட்டியில் செல்வது சுற்றாடலுக்கு நல்லது.” அதே 600 கிலோமீற்றருக்கு ஸ்கூட்டி, லீற்றருக்கு 45 ஓடினால்கூட 13 லீற்றர் குடிக்கும். 31 கிலோ. 45 பேரோடு ஓடும் பஸ்ஸைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

அப்புறம் சாப்பாடு. அதில் அவள் எழுதியது பருப்பும் பால்மாவும் மட்டும், அவை கப்பலில் வந்தவை என்பதால். அரிசி “நம் நாட்டுப் பொருள்” என்று விட்டுவிட்டாள். வெளிநாட்டிலிருந்து வருவதுதான் காபன் என்று யார் இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்களோ தெரியவில்லை. ஒரு கிலோ பருப்பைக் கப்பலில் கொண்டுவருவதற்கு ஆகும் எரிபொருள் சில நூறு கிராம் காபனுக்கு மேல் வராது. அரிசியின் பாரம் வயலிலேயே ஏறிவிடுகிறது. தண்ணீர் தேங்கி நிற்கும் சேற்றில் காற்றுப் படாமல் அழுகுவதிலிருந்து மீதேன் வருகிறது, அது காபனீரொட்சைட்டைவிடப் பல மடங்கு சூடாக்கும். அதைக் காபனீரொட்சைட்டுக்குச் சமமாக மாற்றி எழுதினால், உலகச் சராசரியில் ஒரு கிலோ அரிசிக்கு ஏறக்குறைய 4 கிலோ. கோதுமை மாவுக்கு 1.6 போல. நம் காலை ரொட்டி இந்த விஷயத்தில் சோற்றைவிட இலேசு.

அவர்கள் வீட்டில் மாதம் 30 கிலோ அரிசி, அது மட்டும் 120. மா 15 கிலோவுக்கு 24. கோழி 4 கிலோ, கிலோவுக்கு 8 வைத்து 32. பால்மா 2 கிலோ. ஒரு கிலோ பால்மாவுக்கு ஏறத்தாழ 8 லீற்றர் பால் வேண்டும் என்பதால் கிலோவுக்கு 10 வைத்து 20. மரக்கறி 25 கிலோவுக்கு 13தான். முட்டை, பருப்பு, சீனி, எண்ணெய், தேங்காய், கருவாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து 38 என்று மதிப்பிட்டால் சாப்பாடு 247 கிலோ.

ஆக, கரண்ட் 33, காஸ் 22, போக்குவரத்து 40, சாப்பாடு 247. ஏறக்குறைய 340 கிலோ. அவள் எழுதியிருந்தது 594, அதில் 540 அந்த பஸ்.

340 என்று எழுதுங்கள், 341.85 என்று எழுதாதீர்கள். கரண்டும் பெற்றோலும் பில்லிலிருந்து வருபவை, ஓரளவு நம்பலாம். சாப்பாட்டு எண்கள் பெரும்பாலும் உலகச் சராசரிகள், நம் வயலுக்குக் கூடலாம், குறையலாம். இன்னொன்று, அவை பயிரிடுவதிலிருந்து கடை வரைக்கும் எல்லாவற்றையும் சேர்த்தவை, ஆனால் பெற்றோலின் 2.3 வெறும் எரிந்த புகை மட்டும். எண்ணெய் எடுத்துச் சுத்திகரிப்பதையும் சேர்த்தால் ஐந்தில் ஒரு பங்குபோல் கூடும். சேர்ப்பதென்றால் டீசலுக்கும் காஸுக்கும் சேர்த்தே செய்யுங்கள். ஒன்றுக்குச் சேர்த்து ஒன்றுக்கு விட்ட தாளும் என்னிடம் வந்திருக்கிறது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆளுக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டுமென்றால் கடைசியில், ஒரே தரம், ஐந்தால் வகுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் சாப்பாட்டை ஆளுக்கும் கரண்டை வீட்டுக்கும் எழுதிவிட்டு இரண்டையும் கூட்டுகிறார்கள். கொழும்பில் வேலை செய்கிற அண்ணனைத் தலைக்கணக்கில் சேர்த்தால் அவர் அங்கே சாப்பிடுவதும் சேர வேண்டும். இல்லாவிட்டால் அவரை விட்டுவிடுங்கள். குறைந்த எண்ணுக்குப் பரிசு என்று மட்டும் அறிவிக்காதீர்கள், அடுத்த நாளே எல்லா வீட்டிலும் அரிசி குறைந்துவிடும், தாளில்.

அரிசி பற்றி இன்னும் ஒன்று. 25 கிலோ மூட்டையாக வாங்குகிற வீடுகளில், வாங்கிய மாதத்தில் எண் எகிறும், அடுத்த மாதம் சரியும். வாங்கியதை எழுதாதீர்கள், சாப்பிட்டதை எழுதுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை சுண்டு போடுகிறார்கள் என்று அம்மாவிடம் கேட்டு, ஒரு சுண்டைத் தராசில் வைத்து நிறுத்து, இரண்டையும் பெருக்கி, அதை 30ஆல் பெருக்கினால் போதும். தீபாவளி வந்த மாதத்தை முதல் மாதமாக எடுக்க வேண்டாம்.