ஒரு சோறும் ஒரு பானைச் சோறும்

களுவாஞ்சிகுடியில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: “ஆங்கிலப் பாடத்தில் அரிசியும் தண்ணீரும் எண்ண முடியாத பெயர்கள் என்கிறார்கள். தண்ணீர் சரி. அரிசியை உட்கார்ந்து எண்ணினால் எண்ணி முடிக்கலாமே? தமிழிலும் இந்தப் பிரிவு இருக்கிறதா?”

தமிழிலும் இருக்கிறது. ஆனால் கையில் உள்ள பொருளைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. மட்டக்களப்புச் சந்தையில் வாவி நண்டு விற்பவரிடம் “எத்தனை நண்டு வேண்டும்?” என்ற கேள்வி இயல்பாக வரும். கூனி விற்பவர் அப்படிக் கேட்க மாட்டார், “எவ்வளவு கூனி?” என்பார். கூனிக்கும் தலை உண்டு, கால் உண்டு, ஒவ்வொன்றும் தனித்தனி உயிர்தான். ஆனாலும் அதை ஒன்று, இரண்டு என்று பார்க்கும் தேவை நமக்கு வருவதில்லை; சொல்லும் அப்படியே பழகிவிட்டது. பாடசாலைப் பயிற்சிகளில் பொருள்களின் படத்தைக் காட்டி “எண்ணலாமா, முடியாதா?” என்று கேட்பது பிள்ளைகளைத் தவறான இடத்தில் தேடவைக்கிறது என்பதே என் கருத்து. வாக்கியத்தைக் காட்டித்தான் கேட்க வேண்டும்.

வாக்கியத்தில் செய்யக்கூடிய முதற் சோதனை பன்மை விகுதி. ஆங்கிலத்தில் இது கூர்மையான கருவி: எண்ணக்கூடிய பெயர் ஒன்றுக்கு மேல் போனால், சில சொற்களைத் தவிர, பன்மை வடிவம் எடுத்தே ஆகவேண்டும். தமிழில் ‘கள்’ அப்படிக் கட்டாயப்படுத்துவதில்லை. “மூன்று மாணவன் வந்தான்” என்பது பிழை. “மூன்று மாடு நிற்கிறது” என்பது நாள்தோறும் கேட்கும் பேச்சு. அஃறிணைப் பெயர்கள் ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே வடிவில் நிற்க முடியும் என்பதை நம் இலக்கணக்காரர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். நன்னூல் இவற்றைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறது. ஆகவே ஒரு சொல்லில் ‘கள்’ இல்லை என்பதைக் கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. போட்டுப் பார்க்க வேண்டும். ‘மாடுகள்’ பொருந்துகிறது, ‘கூனிகள்’ இடறுகிறது. பொருந்தினாலும் பொருள் மாறிவிட்டதா என்று கவனிக்க வேண்டும். ‘எண்ணெய்கள்’ என்றால் பல துளி எண்ணெய் அல்ல. தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் எனப் பல வகைகள். அங்கே எண்ணப்படுவது வகையே; எண்ணெய் எண்ணமுடியாத பெயராகவே இருக்கிறது.

இதைவிட நம்பகமான சோதனை, எண்ணைப் பெயரின் பக்கத்தில் நேராக நிறுத்துவது. ‘மூன்று தேங்காய்’ தனியே நிற்கும். ‘மூன்று அரிசி’ நிற்காது. நடுவில் ஓர் அலகு வேண்டும்: மூன்று சுண்டு அரிசி, மூன்று கிலோ அரிசி, மூன்று மூடை அரிசி. ‘எத்தனை’ என்ற கேள்வியும் இதே வேலையைச் செய்கிறது. எத்தனை தேங்காய் என்று கேட்கலாம். அரிசியென்றால் எத்தனை சுண்டு, எத்தனை மூடை என்றுதான் கேட்க வேண்டும். ‘எவ்வளவு’ இங்கே உதவாது. அது இரு பக்கமும் போகும்; எவ்வளவு அரிசி என்றும் கேட்கலாம், நிறைய மீன் பட்டிருந்தால் எவ்வளவு மீன் என்றும் கேட்கலாம்.

இந்தச் சோதனைக்குள் நான் மிகவும் விரும்பும் ஓர் இடம் இருக்கிறது. “ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்” என்று எல்லோரும் சொல்கிறோம். இந்தச் சிறிய வாக்கியத்தில் ‘ஒரு’ இரண்டு தடவை வருகிறது. முதல் ‘ஒரு’ பானையை எண்ணுகிறது. சோறு அந்தப் பானையால் அளக்கப்படுகிறது. இரண்டாவது ‘ஒரு’ நடுவில் எதுவும் இல்லாமல் சோற்றின் மேலேயே வந்து உட்காருகிறது. சோதனைப்படி முதலிடத்தில் சோறு எண்ண முடியாத பெயர், இரண்டாமிடத்தில் எண்ணக்கூடிய பெயர். இரண்டுக்கும் இடையில் சில எழுத்துகளே தூரம்.

அப்படியானால் சோதனை உடைந்துவிட்டதா? இல்லை. எண் வந்து நின்றதும் கேட்பவர் ஓர் அலகைத் தேடுகிறார். பானைக்குள் விரலால் நசுக்கிப் பார்க்கக்கூடிய அலகு பருக்கை. ஆகவே ‘ஒரு சோறு’ ஒரு பருக்கையாகிறது. அதே சொல்லோடு கல்முனையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போய் “இரண்டு சோறு” என்று சொல்லிப் பாருங்கள். யாரும் இரண்டு பருக்கை கொண்டுவர மாட்டார்கள். இரண்டு பார்சலோ இரண்டு கோப்பையோ வரும். சொல் மாறவில்லை. எண் ஓர் அலகைக் கேட்டது, இடம் அதைக் கொடுத்தது.

மறைந்திருக்கும் இந்த அலகைப் பிடிக்க ஒரு வழி உண்டு: பொருளை அதன் வழக்கமான கலத்திலிருந்து வெளியே எடுத்துப் பாருங்கள். “இரண்டு பிளேன்டீ” என்று கடையில் கேட்கலாம். ஆனால் தேநீர் மேசையில் சிந்தி இரண்டு திட்டாகக் கிடந்தால், அதை இரண்டு பிளேன்டீ என்று எவரும் சொல்லமாட்டார்கள். கோப்பை போனதும் எண்ணும் போய்விட்டது. இரண்டு நண்டைக் கூடையிலிருந்து தரையில் கொட்டினாலும் அவை இரண்டு நண்டுதான். அவற்றின் அலகு அவற்றின் உடலிலேயே இருக்கிறது. எதிர்த்திசையிலும் போகலாம். நண்டைத் துண்டுபோட்டுக் கறியாக்கிவிட்டால் “இன்னும் கொஞ்சம் நண்டு போடுங்கள்” என்று கேட்கிறோம். எண்ணக்கூடிய பெயர் எண்ண முடியாததாகிவிட்டது. எந்தப் பொருளைப் போட்டாலும் அரைத்துக் கூழாக்கும் ஒரு கற்பனை இயந்திரத்தைக் கொண்டு இதே மாற்றத்தை மெய்யியலாளர் ஜெஃப்ரி பெல்லட்டியர் 1975இல் விளக்கினார்.

அலகுச் சொல் வந்த பிறகு ‘கள்’ பின்வாங்குவதையும் கவனியுங்கள். மாம்பழம் தெளிவாக எண்ணக்கூடிய பெயர். ஆனாலும் “இரண்டு கிலோ மாம்பழம் தாருங்கள்” என்றுதான் கடையில் கேட்கிறோம். கிலோ வந்ததும் பழங்களின் எண்ணிக்கையில் நமக்கு அக்கறை இல்லை. பெயரும் வெறுமையாக நிற்கிறது. ஆங்கிலம் இங்கேயும் பழத்துக்குப் பன்மை கேட்கும். ஆங்கிலத்துக்காகச் செய்த சோதனையை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால், இந்த வாக்கியத்தை வைத்து மாம்பழத்தை அரிசியோடு சேர்த்துவிடுவோம்.

இலக்கணத்துக்கு வெளியே நின்று கேட்கும் ஒரு சோதனையும் இருக்கிறது. 2005இல் டேவிட் பார்னரும் ஜெசி சினெடெக்கரும் ஆங்கிலம் பேசும் பெரியவர்களிடமும் நான்கு வயதுப் பிள்ளைகளிடமும், யாரிடம் கூடுதலாக இருக்கிறது என்று கேட்டார்கள். ஒருவரிடம் பெரியவை சில, மற்றவரிடம் சிறியவை பல. சப்பாத்து என்றால் எண்ணிக்கையைப் பார்த்தார்கள். பற்பசை என்றால் மொத்த அளவைப் பார்த்தார்கள். தளபாடத்துக்கான ஆங்கிலச் சொல் பன்மை ஏற்காது. ஆனாலும் அதற்கு எண்ணிக்கையையே பார்த்தார்கள். விகுதி மறுத்த இடத்திலும் மனம் எண்ணிக்கொண்டிருந்தது.

இதைத் தமிழ்ப் பிள்ளைகளிடம் செய்யப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. கயிறும் கத்திரிக்கோலும் போதும், செலவுக்குப் பணம் ஒதுக்கத் தயங்கும் பல்கலைக்கழகமும் இதை மறுக்கக் காரணமில்லை. ஒருவரிடம் நீண்ட கயிறு ஒன்று, மற்றவரிடம் குட்டைக் கயிறு மூன்று. “யாரிடம் கூடுதலான கயிறு இருக்கிறது?” என்றால் இரண்டு பதிலும் சரியாகலாம், ஏனென்றால் ‘கயிறு’ என்ற வடிவம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. “கூடுதலான கயிறுகள்” என்று மாற்றிக் கேட்டால் மூன்று வைத்திருப்பவர்தான் வெல்வார் என்று எதிர்பார்க்கிறேன். கட்டாயமில்லாத ‘கள்’, வந்து சேர்ந்தால் மட்டும் எண்ணிக்கையைக் கட்டாயமாக்குகிறதா என்பதை அந்தப் பதில்கள் காட்டிவிடும்.