பத்து லட்சம் லாபமுள்ள வேலையில் சனிக்கிழமை சம்பளம் ஏன் தடைப்படுகிறது?

மே மாதக் கடைசி வாரத்தில், தக்கலைப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு கட்டட ஒப்பந்ததாரர் நாகர்கோவிலில் உள்ள என் அலுவலகத்துக்கு வந்தார். மார்த்தாண்டத்தில் ஒரு வணிக வளாகம் கட்டிக்கொண்டிருந்தார். ஏப்ரலிலேயே வீட்டு நகையை அடகு வைத்து 8 லட்சம் திரட்டியிருந்தும், வரும் சனிக்கிழமை கொத்தனார்களுக்கும் கையாட்களுக்கும் கொடுக்கப் பணமில்லை. “வேலை லாபத்தில்தான் போகிறது சார், பணம் எங்கே போகிறதென்றுதான் தெரியவில்லை” என்றார். இந்த ஆண்டில் இதே சொற்களோடு வந்தவர்களில் இவர் மூன்றாமவர் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அவருடைய பணத்தை யாரும் கொண்டுபோகவில்லை. அவர் கொண்டுவந்த பணவரவு செலவு மதிப்பீட்டில்தான் பிழை இருந்தது. ஒப்பந்தத் தொகை, ஜிஎஸ்டி நீங்கலாக, 1 கோடி ரூபாய். அவருடைய செலவு 90 லட்சம். காலம் ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை எட்டு மாதங்கள். தொண்ணூறை எட்டால் வகுத்து, மாதம் 11.25 லட்சம் என்று எல்லாக் கட்டங்களிலும் ஒரே எண்ணை நிரப்பியிருந்தார். ஜனவரி பில்லின் பணம் பிப்ரவரிக் கடைசி நாளில்தான் வரும் என்பதால், அந்தக் கணக்கின்படி அவருக்கு அதிகபட்சமாகத் தேவைப்படுவது இரண்டு மாதச் செலவான 22.5 லட்சம், அதுவும் பிப்ரவரியில். ஆகவே சொந்தப் பணத்தையும் வங்கி ஓவர்டிராப்டையும் சேர்த்து 23 லட்சம் ஏற்பாடு செய்துகொண்டு, பிப்ரவரி தாண்டியதும் கவலை தீர்ந்தது என்று இருந்துவிட்டார்.

எந்தக் கட்டடமும் மாதத்துக்கு எட்டில் ஒரு பங்காக எழும்புவதில்லை. வானம் தோண்டி அடித்தளம் போடும்போது செலவு மெதுவாகவே ஏறும். தூண், உத்திரம், தட்டடித்து வார்ப்பு என்று வரும்போது கம்பியும் சிமென்டும் கூலியும் ஒரே நேரத்தில் பணத்தைக் கேட்கும். கடைசியில் பெயின்ட், சில்லறை வேலைகள் என்று அது தணிந்துவிடும். ஒவ்வொரு மாதச் செலவையும் முந்தைய மாதங்களோடு கூட்டிக்கொண்டே போய் வரைந்தால், தொடக்கத்தில் தாழ்ந்தும் நடுவில் செங்குத்தாக ஏறியும் முடிவில் சாய்ந்தும் ஒரு வளைவு கிடைக்கும். இதைத்தான் திரள் செலவு வளைவு அல்லது எஸ் வளைவு என்கிறோம். நம் மாவட்டத்தில் நடுப்பகுதி இன்னும் செங்குத்தாவதற்குக் காரணம் உண்டு: ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும் என்பதால் வார்ப்புகளை ஏப்ரல், மே மாதங்களுக்குள் முடித்துவிட எல்லோரும் விரைகிறோம்.

அவருடைய பில்களை வைத்து நாங்கள் மறுபடியும் கணக்கிட்டபோது மாதச் செலவு ஜனவரியில் 4.5 லட்சம், பிப்ரவரியில் 9, மார்ச்சில் 13.5, ஏப்ரலிலும் மேயிலும் 18 என்று வந்தது. அதன் பிறகு வந்தவழியே 13.5, 9, 4.5 என்று இறங்கியது. ஆக மே முடியும்போது திரள் செலவு 63 லட்சம். இனி வரவுக்கு வருவோம். மாதக் கடைசியில் அளவெடுத்துப் பில் போடுவார். பொறியாளர் சரிபார்த்து, அடுத்த மாதக் கடைசி நாளில்தான் உரிமையாளரிடமிருந்து பணம் வரும். அதிலும் 5 சதவீதம் நிறுத்திவைப்புத் தொகையும், தனிநபர் ஒப்பந்ததாரர் என்பதால் 1 சதவீதம் டிடிஎஸ்ஸும் கழிந்து, நூறு ரூபாய்ப் பில்லுக்கு 94 ரூபாயே கைக்கு வரும். 90 ரூபாய் செலவுக்கு 100 ரூபாய்ப் பில் என்ற கணக்கில், மே 30 அன்று அவர் கையில் சேர்ந்திருக்கக்கூடியது ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களின் 30 லட்சம் ரூபாய்ப் பில்களுக்கான 28.2 லட்சம் மட்டுமே. செலவான 63 லட்சத்தில் இதைக் கழித்தால் பள்ளம் 34.8 லட்சம். அவர் ஏற்பாடு செய்த 23 லட்சமும் நகைக்கடன் 8 லட்சமும் போக, இன்னும் ஏறக்குறைய 4 லட்சம் குறைந்தது. அந்த 4 லட்சம்தான் சனிக்கிழமை சம்பளம்.

மாத இறுதி இருப்பை மட்டும் எழுதும் மதிப்பீடு இந்தப் பள்ளத்தை மறைத்துவிடும் என்பதையும் தயவுசெய்து கவனியுங்கள். மே 31 அன்று ஏப்ரல் பில்லுக்கான 18.8 லட்சம் வந்துவிட்டால் பற்றாக்குறை 16 லட்சமாகத் தெரியும். கூலியோ மாதக் கடைசி வரை காத்திருப்பதில்லை. எனவே பணம் வருவதற்கு முந்தைய நாளின் நிலையைத்தான் மதிப்பீட்டில் எழுத வேண்டும்.

ஒரேயொரு பில் தாமதமானால் என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே போட்டுப் பாருங்கள். மார்ச் பில் மட்டும் ஒரு மாதம் தள்ளிப்போயிருந்தால், மே 30 அன்று பள்ளம் 48.9 லட்சமாகியிருக்கும். வளைவு செங்குத்தாக ஏறும் நேரத்தில் ஏற்படும் தாமதம், ஜூலையில் ஏற்படும் அதே தாமதத்தைவிடப் பன்மடங்கு வலிக்கும். ஜிஎஸ்டியை நான் இதில் சேர்க்கவில்லை. ஏப்ரல் 30 அன்று பில் போட்டால் அதற்கான வரியை, உள்ளீட்டு வரி வரவு போக, மே 20க்குள் கட்ட வேண்டும். உரிமையாளர் பணம் தருவதோ மே 31இல். அந்தப் பத்து நாள் இடைவெளிக்கும் உங்களிடம் பணம் வேண்டும்.

லாபம் இருக்கும்போது பணம் எப்படிப் போதாமல் போகும் என்ற கேள்விக்கு இதே கணக்கில் விடை இருக்கிறது. செப்டம்பர் கடைசியில் ஆகஸ்ட் பில் வந்த பிறகுதான் அவர் கையில் 4 லட்சம் மிஞ்சும். மீதியில் 1 லட்சம் டிடிஎஸ்ஸாக வருமான வரிக் கணக்கில் நிற்கும். நிறுத்திவைத்த 5 லட்சத்தில் பாதி வேலை முடிந்ததும், மறுபாதி ஓராண்டு பழுது பொறுப்புக் காலம் கழிந்த பின்னும் வரும்.

மதிப்பீட்டு அட்டவணையோடு மாதந்தோறும் ஒரு விளக்கக் குறிப்பு எழுதுங்கள் என்று நான் வற்புறுத்துவது, எண்கள் தாமாகக் காரணம் சொல்லாததால்தான். அவருடைய ஏப்ரல் குறிப்பு இப்படி இருந்திருக்க வேண்டும்: “திரள் செலவு 45 லட்சம், திட்டமிட்டதும் அதுவே. அளவெடுத்த வேலையின் மதிப்பு 50 லட்சம். பிப்ரவரி வரையிலான பில்களுக்கு 14.1 லட்சம் வந்துள்ளது. மார்ச் பில் சரிபார்க்கப்பட்டு இன்று வர வேண்டும். மழைக்கு முன் இரண்டு வார்ப்புகள் இருப்பதால் மே 30 அன்று பற்றாக்குறை 34.8 லட்சத்தைத் தொடும்.” செலவையும் அளவெடுத்த மதிப்பையும் அருகருகே எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. செலவு வளைவு திட்டத்துக்கு மேலே போனால் வேலை விரைந்து நடக்கிறது என்று மகிழ்ந்துவிடக் கூடாது. 45 லட்சம் செலவழித்தும் அளவு 46 லட்சத்துக்கே வந்தால், வேலை விரையவில்லை. சரக்கோ கூலியோ வீணாகிறது.

பள்ளம் முன்கூட்டியே தெரிந்தால் அதைக் குறைக்கவும் வழியுண்டு. சிறு தள்ளுபடிக்காக அவர் கம்பிக்கும் சிமென்டுக்கும் ரொக்கமே கொடுத்துவந்தார். இவை செலவில் ஏறக்குறைய 40 சதவீதம். ஜனவரியிலேயே கடைக்காரரிடம் 30 நாள் தவணை பேசியிருந்தால், மே மாதப் பள்ளம் 27.6 லட்சமாகக் குறைந்து, 8 லட்சத்துக்குப் பதிலாக 4.6 லட்சம் நகைக்கடனே போதுமாயிருந்திருக்கும். பத்து சதவீதம் முன்பணம் கேட்கலாம். ஆனால் அது ஒவ்வொரு பில்லிலும் பிடித்துக்கொள்ளப்படும் என்பதை மறந்து, ஜனவரியில் கையில் நிற்கும் பணத்தை நம்பி அடுத்த இடத்தில் வானம் தோண்டிவிடாதீர்கள்.

அவருக்கு அன்றைக்குச் செய்ய முடிந்தது ஒன்றுதான். ஏப்ரல் பில் ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டிருந்ததால், திருத்திய மதிப்பீட்டையும் அதற்கான குறிப்பையும் எடுத்துக்கொண்டு வளாக உரிமையாளரைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். தாளைப் படித்துப் பார்த்த உரிமையாளர், 18.8 லட்சத்தில் 4 லட்சத்தை வெள்ளிக்கிழமையே கொடுத்துவிட்டார். மீதி 14.8 லட்சம் மே 31 அன்று வரும் என்று குறிப்பின் அடியில் தேதியோடு எழுதிக்கொண்டோம்.